ஒத்த சொல் ஏன் ஒத்துவருவதில்லை? செட்டிநாட்டு வீட்டுக் குறிப்பை வைத்து ஒரு வழிகாட்டி

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பூர்வீக வீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்பது இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. அதோடு வீட்டைப் பற்றி நாலு வரி எழுதித் தரும் வேலையும் சேர்ந்துகொண்டது. அறையில் மாட்டும் அட்டைக்கு, இணையப் பக்கத்துக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்ப என்று ஏதாவது ஒன்றுக்குத் தமிழில் ஒரு பத்தி வேண்டியிருக்கிறது. முதலில் எழுதுவது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் "இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கட்டும்" என்று ஒத்த சொல் பட்டியலைத் திறந்து, சொல்லுக்குச் சொல் மாற்றும்போதுதான் காரியம் கெடுகிறது.

இப்படி ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். முதலில் எழுதியது இது; இதில் வளவு என்பது முகப்பைத் தாண்டி உள்ளே வரும் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்:

"எங்கள் வீடு நூறு வருடப் பழைய வீடு. சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். காலையில் வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தருவோம். குடும்பத்தோடு வருபவர்களை அன்போடு வரவேற்கிறோம்."

பட்டியலைப் பார்த்து மாற்றிய பிறகு:

"எமது இல்லம் நூறாண்டுத் தொன்மை வாய்ந்த மனை. அந்தி வேளையில் முகப்பில் அமர்ந்து தென்றல் வாங்கலாம். வளவில் ஆத்தங்குடிக் கல் பொறித்திருக்கிறோம். காலையில் வெள்ளைப் பணியாரம் வாட்டி அளிப்போம். குடும்ப சமேதராக வருபவர்களைப் பாசத்துடன் எதிர்கொள்கிறோம்."

மாற்றிய சொல் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு அகராதியில் பழைய சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதுதான். ஆனாலும் படிப்பவருக்கு அந்த வீடு காலி பிளாட்டாகத் தெரிகிறது, பணியாரம் சுட்ட அப்பளம்போல் ஆகிவிடுகிறது, விருந்தினரோடு சண்டைக்கு நிற்பதுபோல் இருக்கிறது. ஏன் இப்படி ஆகிறது, மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று இந்தப் பத்தியை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பட்டியல் எங்கிருந்து வருகிறது

தமிழில் ஒத்த சொற்களைத் திரட்டும் வேலை மிகப் பழையது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் வரிசையாக வந்திருக்கின்றன. ஒரு பொருளுக்கு உள்ள பெயர்களையெல்லாம் செய்யுளில் கட்டி வைத்தார்கள், மனப்பாடம் செய்ய வசதியாக. செய்யுள் எழுதுபவருக்கு அது பெரிய கொடை. எதுகைக்கும் சீருக்கும் பொருந்தும் சொல்லைத் தேடும்போது காற்றுக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அந்தச் சொல் எந்த வினையோடு சேரும், எந்த ஊரில் வழங்கும், இன்றும் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே கேள்வியில்லை. நிகண்டின் நோக்கமும் அதுவல்ல.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் நிகண்டுச் சொற்களையும் இலக்கியச் சொற்களையும் பேச்சுச் சொற்களையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து வைத்தது. அகராதி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதிலிருந்து வெறும் சொற்களை மட்டும் உருவி ஒரு பட்டியல் போட்டால், சங்க காலச் சொல்லும் நேற்றைய நாளிதழ்ச் சொல்லும் தோளோடு தோள் நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு. இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் சில, ஆங்கிலச் சொல்லை நடுவில் வைத்துத் தமிழ்ச் சொற்களைக் கோத்தவை. ஆங்கிலத்தில் "ஓல்ட்" என்றால் வீட்டுக்கும் சொல்லலாம், தாத்தாவுக்கும் சொல்லலாம். அதனால் அந்த ஒரு சொல்லின் கீழ் "பழைய", "முதிய" இரண்டும் வந்து உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று ஒத்த சொற்கள் ஆகிவிடுகின்றன. அதுபோலவே "ஹாட்" என்பதன் கீழ் "சூடான", "காரமான" இரண்டும் வரும். செட்டிநாட்டுக் கோழி வறுவலைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று சாப்பிட்டவருக்குத் தெரியும். ஆறிப்போன வறுவலும் காரமாகத்தான் இருக்கும்.

பட்டியலில் ஒரு சொல் வினோதமாகத் தெரிந்தால், "இது எந்த ஆங்கிலச் சொல் வழியாக இங்கே வந்தது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் படி: மாற்றத்தான் வேண்டுமா?

மேலே உள்ள பத்தியில் "வீடு" இரண்டு முறை வருகிறது. அதைத் தவிர்க்கத்தான் "இல்லம்" வந்தது, "மனை" வந்தது. ஒரே சொல் இரண்டு முறை வருவது தமிழில் குற்றமல்ல. அப்படியே உறுத்தினாலும் ஒத்த சொல் தேட வேண்டியதில்லை, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் போதும். "எங்கள் வீட்டைக் கட்டி நூறு வருடம் ஆகிறது" என்றால் ஒரு "வீடு" தானாகவே உதிர்ந்துவிடுகிறது. நம் மொழியில் எழுவாயைச் சொல்லாமலே விடலாம் என்ற வசதி வேறு இருக்கிறது. இந்தப் படியிலேயே பாதிச் சொற்கள் பிழைத்துவிடும்.

இரண்டாம் படி: இந்த இடத்தில் என்ன பொருள்?

"பழைய" என்பதற்கு ஒரே பொருள் இல்லை. பழைய வீடு, பழைய சோறு, பழைய மேனேஜர், பழைய பாக்கி என்று நாலு இடத்தில் நாலு பொருள். மேனேஜருக்கு "முன்னாள்" என்று மாற்றலாம். பாக்கிக்கு "முந்தைய" பொருந்தும். சோற்றுக்கு எதுவும் பொருந்தாது. அது பழைய சோறு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு எது? இங்கே எதிர்ச்சொல் கைகொடுக்கும். உங்கள் வாக்கியத்தில் இருக்கும் சொல்லுக்கு எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள்: "பழைய வீடு", "புதிய வீடு". இரண்டும் இயல்பு. இப்போது பட்டியல் தரும் சொல்லுக்கு எதிர்ச்சொல்லைப் போடுங்கள்: "முதிய" என்பதற்கு எதிர் "இளைய". "இளைய வீடு" என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே "முதிய" இந்தப் பொருளைச் சேர்ந்ததல்ல, உயிருள்ளவற்றின் வயதைச் சேர்ந்தது. பொய்யான ஒத்த சொல்லைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் "தொன்மை"க்கு இந்தச் சோதனை போதாது. அதற்கும் எதிர் "புதுமை"தான். அங்கே பார்க்க வேண்டியது அளவு. தொன்மையான மொழி, தொன்மையான நாகரிகம் என்கிறோம். பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலைத் தொன்மையானது என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். நம் வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கட்டியவை. பக்கத்திலேயே "நூறாண்டு" என்று எண்ணையும் போட்டுவிட்டு "தொன்மை" என்று சொல்லும்போது, பெரிய சொல் சின்ன எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது.

மூன்றாம் படி: ஒத்த சொல்லா, உள்ளடங்கிய சொல்லா?

"காற்று" என்று தேடினால் தென்றல், வாடை, கொண்டல், கோடை எல்லாம் வரும். இவை காற்றுக்கு வேறு பெயர்கள் அல்ல, காற்றின் வகைகள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை.

சோதிக்க ஒரு வாக்கியம் போதும். "இது காற்றுதான், ஆனால் தென்றல் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், பொருள் வருகிறது. திருப்பி "இது தென்றல்தான், ஆனால் காற்று இல்லை" என்றால் உளறலாக இருக்கிறது. ஒரு பக்கம் சரியாக வந்து மறுபக்கம் உளறலானால், ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கியது. பெரிய சொல்லுக்குப் பதிலாகச் சின்ன சொல்லைப் போட்டால் நீங்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும். மே மாத வெயிலில் வந்து தங்குபவர், "தென்றல் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

"சாயங்கால"த்துக்கு "அந்தி" என்று போட்டதும் இதே கதை. நாலரை மணிக்குக் காப்பி குடிக்கும் நேரம் சாயங்காலம், அது அந்தியல்ல. "அன்பு"க்குப் "பாசம்" போட்டதும் அப்படித்தான். முன்பின் தெரியாதவரிடம் அன்பு காட்டலாம், பாசம் வைக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

நான்காம் படி: கூட வரும் சொல் என்ன?

அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தென்றலின் பொருளை விட்டுவிடுவோம். தெற்கிலிருந்தே காற்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் "தென்றல் வாங்கலாம்" என்று எழுத முடியாது. தென்றல் வீசும், தவழும். அதை யாரும் வாங்குவதில்லை. "காற்று வாங்குதல்" என்பது இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லாகிவிட்ட வழக்கு. அதில் ஒன்றை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. "வாயு வாங்கலாம்" என்று போட்டிருந்தால் வைத்தியரிடம் போக வேண்டியதாகிவிடும். "காற்றுப் பெறலாம்" என்று வினையை மாற்றினால் சைக்கிள் டயர் நினைவுக்கு வருகிறது.

எந்தப் பெயருக்கு எந்த வினை என்பது நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ கவனித்த விஷயம். "வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்" என்பது தொல்காப்பியம். பல வகைப் பொருள்களைச் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல்லுக்கு, அந்த வகைகளில் ஒன்றுக்கு மட்டுமே உரிய வினையைக் கொடுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. உணவு என்ற பொதுச்சொல்லுக்குள் தின்பதும் இருக்கிறது, குடிப்பதும் இருக்கிறது; ஆகவே "உணவு குடித்தார்" என்றால் பிழை. பள்ளியில் "வினைமரபு" என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது இதன் தொடர்ச்சிதான்: கூடை முடைவார்கள், பானை வனைவார்கள், பாய் பின்னுவார்கள்.

செட்டிநாட்டு அடுப்படியைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். கும்மாயம் கிண்டுவார்கள். தேன்குழல் பிழிவார்கள். இடியாப்பமும் பிழிவதுதான், ஆனால் பிழிந்த பிறகு அவிப்பார்கள். அதிரசம் தட்டிச் சுடுவார்கள். பருப்பைக் கடைவார்கள், காப்பியை ஆற்றுவார்கள். இப்போது "கிண்டு" என்பதற்குப் பட்டியலைத் திறந்தால் கிளறு, கலக்கு, துழாவு, கடை எல்லாம் வரிசையாக வரும். எல்லாமே கரண்டியையோ மத்தையோ போட்டு அசைக்கிற வேலைதான். ஆனால் கை அசைவு வேறு, பண்டம் வேறு. கிண்டுவது அடிபிடிக்காமல் இறுகி வரும் வரை விடாமல் செய்வது. அல்வா, களி, கும்மாயம் எல்லாம் அந்த வகை. புளியோதரைக்குச் சாதம் கிளறலாம். மோரில் உப்பைப் போட்டுக் கலக்கலாம். "கும்மாயம் கலக்கித் தருவோம்" என்று எழுதினால், சமைக்கத் தெரிந்தவர் அதைத் தண்ணீராக ஊற்றித் தருவார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

நம் பத்தியில் வரும் பணியாரத்துக்கு வருவோம். இது சுவையான கேள்வி. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து, மாவைக் கரண்டியால் காயும் எண்ணெயில் ஊற்றி எடுக்கிறோம். செய்முறையை மட்டும் வைத்துச் சொன்னால் "பொரித்தல்" என்பதுதான் சரியான சொல். ஆனால் பேச்சில் பணியாரம் சுடுவார்கள் அல்லது ஊற்றுவார்கள். அப்பளத்தை எண்ணெயில் போட்டால் பொரித்த அப்பளம், நெருப்பில் காட்டினால் சுட்ட அப்பளம் என்று பிரித்துச் சொல்லும் அதே வீட்டில், எண்ணெயில் வேகும் வடையையும் பணியாரத்தையும் "சுட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே செய்முறை உண்மையாக இருந்தால் மட்டும் சொல் பொருந்திவிடாது, வழக்கமும் வேண்டும். பட்டியல் தந்த "வாட்டு" என்பதில் செய்முறையும் இல்லை, வழக்கமும் இல்லை. வாழை இலையை வாட்டலாம், ரொட்டியை வாட்டலாம். பணியாரத்தை வாட்ட முடியாது.

"தருவோம்" என்பதை "அளிப்போம்" ஆக்கியதிலும் இதே சிக்கல் இருக்கிறது. விருந்து அளிக்கலாம், பேட்டி அளிக்கலாம், பதவி அளிக்கலாம். பணியாரம் அளிப்பது மேடை போட்டுச் செய்வதுபோல் இருக்கிறது. கொடுக்கும் வினைகள் நம் மொழியில் எப்போதுமே ஆள் பார்த்து நடப்பவை. ஈ, தா, கொடு என்ற மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் பொருளைக் கேட்டு வாங்குபவர் தாழ்ந்தவரானால் "ஈ", சமமானவரானால் "தா", உயர்ந்தவரானால் "கொடு" என்று சொல்ல வேண்டும் எனத் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு இன்று அப்படியே இல்லை. ஒத்த சொல்லுக்குள்ளும் யார் யாரிடம் பேசுகிறார் என்பது இருக்கிறது என்ற விஷயம் மட்டும் மாறவில்லை.

கூட வரும் சொல்லைச் சரிபார்க்க, கூகுளில் இரண்டு சொல்லையும் மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுவது நல்ல வழி:

```
"பணியாரம் சுட்டு"
"பணியாரம் வாட்டி"
```

இதில் தமிழுக்கே உரிய இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. நம் சொல் விகுதி சேர்ந்து உருமாறிக்கொண்டே இருக்கும். "பணியாரம் சுட்டு" என்று தேடினால் "பணியாரம் சுடுவது", "பணியாரத்தைச் சுட்டார்" எல்லாம் வராமல் போகலாம். ஆகவே மூன்று நான்கு வடிவத்தில் தேடிப் பாருங்கள். இரண்டாவது, ஒற்று மிகும் இடத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், சிலர் இரண்டு சொல்லையும் ஒட்டியே எழுதுவார்கள். "காற்று வாங்க", "காற்றுவாங்க" இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம், எத்தனை முடிவு என்ற எண்ணிக்கை தெரிந்தாலும் அதை நம்பாதீர்கள். முதல் பத்துப் பதினைந்து வாக்கியங்களைப் படியுங்கள். எழுதியவர்கள் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசுகிறார்களா, அல்லது மொழிபெயர்ப்புப் பக்கங்களாகவே வருகின்றனவா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். எதுவுமே வராவிட்டால் அந்த ஜோடி இல்லை என்று முடிவுகட்டாமல், வீட்டில் யாரையாவது கேளுங்கள். அடுப்படி வழக்குகள் பாதி இணையத்தில் ஏறவே இல்லை.

ஐந்தாம் படி: உருபைப் பாருங்கள்

"பதித்திருக்கிறோம்" என்பதைப் "பொறித்திருக்கிறோம்" ஆக்கியது வெறும் சொல் தவறல்ல, வாக்கியமே புரண்டுவிட்டது. கல்லைத் தரையில் பதிப்போம். கல்லில் எழுத்தைப் பொறிப்போம். முதல் வினைக்குக் கல் செயப்படுபொருள், இரண்டாவதற்குக் கல் இடம். "கல் பொறித்திருக்கிறோம்" என்றதும் படிப்பவர் "கல்லில் எதைப் பொறித்தீர்கள்?" என்று காத்திருப்பார். பூ வேலைப்பாடு கொண்ட ஆத்தங்குடிக் கல் என்பதால் அந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. உண்மையில் அந்தப் பூவும் பொறித்ததல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை அதன் அறைகளில் ஊற்றி உருவாக்குவது அது.

இப்படி வினையை மாற்றும்போதெல்லாம் பெயரோடு ஒட்டியிருக்கும் உருபையும் பாருங்கள். ஒருவருக்கு உதவுவோம், ஒருவரை ஆதரிப்போம். எனக்குப் பிடிக்கும், நான் விரும்புவேன். உருபை மாற்றினால்தான் வினை உட்காரும் என்றால், அது நேரடி மாற்றுச் சொல் அல்ல. வாக்கியத்தைப் புதிதாக எழுத வேண்டும்.

ஆறாம் படி: சொல்லின் காலமும் ஊரும்

சில சொற்கள் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒத்த சொற்களாக இருந்து, இப்போது பிரிந்துவிட்டவை. "மனை" என்றால் வீடு. அரண்மனை, மருத்துவமனை என்ற கூட்டுச்சொற்களில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஆனால் தனியாக "மனை" என்று எழுதினால், காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் பார்க்கும் "மனைகள் விற்பனைக்கு" பலகைதான் நினைவுக்கு வரும். நூறாண்டுத் தொன்மை வாய்ந்த மனை என்றால், நூறு வருடமாக யாருமே கட்டாமல் கிடக்கும் நிலம்.

"எதிர்கொள்" என்பதும் அப்படித்தான். பழைய வழக்கில் வருபவரை முன்னே சென்று வரவேற்பதைக் குறித்தது. "மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்தார்கள்" என்ற தொடரில் இன்றும் அது பிழைத்திருக்கிறது. "அழை" என்ற துணை இல்லாவிட்டால், இன்று நாம் எதிர்கொள்வது நெருக்கடியை, வழக்கை, எதிரணியின் பந்துவீச்சை. விருந்தினரை அந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. ஆண்டாள் காலத்தில் நல்ல மணமாக இருந்த "நாற்றம்" இன்று எங்கே வந்து நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த வீட்டுக் குறிப்பில் வாசனை வரி எதுவும் இல்லாதது நல்லதாயிற்று. இருந்திருந்தால் மிளகாய் வறுக்கும் நெடி, மீன் வாடை, மல்லிகை மணம் மூன்றும் ஒரே பட்டியலிலிருந்து வந்து கலந்திருக்கும்.

"குடும்ப சமேதராக" என்பது வேறு வகை. அது செத்த சொல் அல்ல. ஆனால் அது வாழ்வது கல்யாணப் பத்திரிகையில். "குடும்ப சமேதராய் வந்திருந்து" என்று ஆரம்பித்தால், அடுத்து மணமக்களை வாழ்த்தியருளச் சொல்வார்கள் என்று படிப்பவர் எதிர்பார்ப்பார்.

காலத்தைச் சரிபார்க்க, எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் அகராதி வேண்டும். 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதற்கு நல்ல துணை. சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டும். உயர் வழக்கா, வட்டார வழக்கா, பேச்சு வழக்கா என்று குறிப்பும் தரும். லெக்சிகனில் மட்டும் இருந்து இதில் இல்லாத சொல் என்றால், வீட்டுக் குறிப்பில் அதைப் போடுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

ஊர்ச் சிக்கல் இதைவிட நுணுக்கமானது, அதிலும் உறவுமுறைச் சொற்களில். "பாட்டி" என்று தேடினால் ஆச்சி, ஆயா, அப்பத்தா, அம்மாச்சி என்று வரும். திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. நகரத்தார் வீட்டில் ஆச்சி என்பது அக்காவுக்கும், மரியாதையாகப் பிற பெண்களுக்கும் சொல்வது. அப்பாவின் தாயார் அப்பத்தா, அம்மாவின் தாயார் ஆயா. அதே "ஆயா" சென்னைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள். அப்பாவை அப்பச்சி என்று நகரத்தார் வீட்டில் கூப்பிடுவதைக் கேட்டு, கொங்கு நாட்டுக்காரர் அம்மாவின் அப்பாவை நினைத்துக்கொள்வார். பட்டியலுக்கு இதெல்லாம் தெரியாது. எழுதுபவர், இந்தக் குறிப்பை யார் படிக்கப்போகிறார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வெளியூர்க்காரர்தான் படிக்கப்போகிறார் என்றால் வீட்டுச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கம் சேர்ப்பதே என் கட்சி. "பாட்டி" என்று மாற்றினால் புரியும். ஆனால் வீடு கொஞ்சம் வேறு வீடாகிவிடும்.

இந்த இடத்தில் "சிறிய" என்பதற்குச் "சின்ன" என்று மாற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருள் அச்சு அசலாக ஒன்றுதான், எந்தச் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் ரெட்டை வீடு வைத்திருப்பவர், "பெரிய வீட்டில் இடமில்லாவிட்டால் எங்கள் சின்ன வீட்டில் தங்கலாம்" என்று எழுதினால், அந்த அட்டையைப் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்புவார்கள்.

ஏழாம் படி: முழுதாகப் படிப்பது

ஒவ்வொரு சொல்லும் தனியாகத் தேறினாலும் பத்தி தேறாமல் போகலாம். "எமது" என்று ஆரம்பித்துவிட்டு "காற்று வாங்கலாம்" என்று முடித்தால், பட்டு வேட்டிக்கு மேல் பனியன் போட்ட மாதிரி இருக்கும். "எங்கள்" என்று ஆரம்பித்தால் "உட்கார்ந்து" இயல்பாக வரும். "எமது" என்று ஆரம்பித்தால் "அமர்ந்து", "அளிப்போம்" எல்லாம் தானாக இழுத்துக்கொண்டு வரும். ஆகவே சொல்லை மாற்றிய பிறகு, அந்த வாக்கியத்தை மட்டும் படிக்காமல் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படியுங்கள். வீட்டுக்கு வந்தவரிடம் முகப்பில் நின்றுகொண்டு இதைச் சொல்வீர்களா என்பதுதான் அளவுகோல். சொல்ல வாய் கூசும் இடத்தில் பழைய சொல்லைத் திரும்பப் போடுங்கள்.

இத்தனையும் பார்த்து நம் பத்தியைத் திருத்தினால் இப்படி வரும்:

"எங்கள் வீட்டைக் கட்டி நூறு வருடம் ஆகிறது. சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். வளவில் பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல். காலையில் எங்கள் அப்பத்தா, அதாவது அப்பாவின் தாயார், வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தருவார். குடும்பத்தோடு வாருங்கள்."

முதலில் எழுதியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டியலிலிருந்து வந்த ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. "வீடு" திரும்ப வந்ததை வாக்கியத்தை மாற்றிச் சரிசெய்தோம். "அன்போடு வரவேற்கிறோம்" என்பதற்குப் பதிலாக "வாருங்கள்" என்று நேரே கூப்பிட்டாயிற்று. பணியாரத்தைச் சுடுவது யார் என்று ஒரு ஆளைச் சேர்த்தோம். "அழகாக இருக்கட்டும்" என்று தேடியது அந்த ஆள் வந்ததில் கிடைத்துவிட்டது. அப்பத்தா சுடாமல் வேலைக்கு வருபவர் சுடுகிறார் என்றால் மட்டும் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.